முன்பணத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல்

சார்தாம் யாத்திரைக்குப் பணம் கட்டும் முன் டூர் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சோன்பிரயாகில் விடியற்காலை நான்கு மணிக்கே ஜீப்புக்கு வரிசை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மந்தாகினி ஆற்றின் இரைச்சலையும் மீறி ஓட்டுநர்கள் கூவுகிறார்கள். குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக நிற்கும் தமிழ்நாட்டுக் குழு ஒன்றில் டூர் மேனேஜர் டார்ச் வெளிச்சத்தில் தலைகளை எண்ணுகிறார். கௌரிகுண்ட் வரை 5 கிலோமீட்டர் ஜீப் போகும். அதற்கு மேல் கேதார்நாத் கோயில் வரை 16 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுவதும் ஏற்றம். குழுவில் முழங்கால் உறை மாட்டிய ஒரு பாட்டி, "எவ்வளவு தூரம்பா நடக்கணும்?" என்று கேட்கிறார். "மெதுவா போயிடலாம்மா, குதிரை கிடைக்கும்" என்கிறார் மேனேஜர். பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. ஊரிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கு மேல் வந்தும் ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து இனி எந்த முடிவையும் மாற்ற முடியாது.

ஒவ்வொரு யாத்திரைப் பருவத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். குழுவில் எத்தனை பேர், ஒரு நாளில் எவ்வளவு நடை, போக முடியாமல் போனால் எவ்வளவு பணம் திரும்பும் என்ற மூன்றையும் முன்பணம் அனுப்பும் முன்பே ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கியிருந்தால் முடிவெடுக்கும் உரிமை பயணியின் கையில் இருந்திருக்கும்.

நோட்டீஸில் இருப்பதும் இல்லாததும்

யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய நான்கு தலங்களும் ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் நடை திறந்து, தீபாவளியை ஒட்டிய வாரங்களில் அடுத்தடுத்து மூடப்படுகின்றன. கேதார்நாத் திறக்கும் நாளை மகா சிவராத்திரியன்று ஊக்கிமடத்தில்தான் அறிவிக்கிறார்கள். பத்ரிநாத்துக்கு வசந்த பஞ்சமியன்று நாள் குறிக்கப்படுகிறது. பல நிறுவனங்களின் நோட்டீஸோ அதற்கும் முன்பே அச்சாகி விடுகிறது.

அந்த நோட்டீஸில் தென்னிந்தியச் சாப்பாடு, டீலக்ஸ் அறை, தமிழ் பேசும் மேனேஜர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். எட்டாம் நாளுக்கு எதிரே "கேதார்நாத் தரிசனம், இரவு தங்கல்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் 16 கிலோமீட்டர் ஏற்றமும், உறைய வைக்கும் இரவும், மறுநாள் 16 கிலோமீட்டர் இறக்கமும் அடங்கியிருக்கின்றன. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் பயணி தெரிந்துகொள்ள வேண்டியது அதில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கொண்டுவந்த பேக்கேஜ் பயண விதிகள் இந்த விஷயத்தில் கண்டிப்பானவை. குழுவாக அழைத்துப் போவதென்றால் குழு ஏறக்குறைய எத்தனை பேர், நடக்கச் சிரமப்படுபவர்களுக்குப் பயணம் பொருந்துமா, ரத்துக் கட்டணம் என்ன என்பதையெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பே நிறுவனம் சொல்லியாக வேண்டும். ஆள் சேரவில்லை என்று பயணத்தை நிறுத்துவதானால், 6 நாளுக்கு மேற்பட்ட பயணத்துக்கு 20 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பதுவரை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே பயணிதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

"சிறிய குழு" என்றால் எத்தனை பேர்?

குழுவின் அளவைக் கேட்டால் "சின்ன குரூப்தான் சார்" என்று பதில் வரும். சிலருக்கு 15 பேர் சின்னது, சிலருக்கு 40 பேர். எண்ணாகக் கேட்டால்தான் பதிலுக்கு மதிப்பு. அதிலும் ஒரே எண் போதாது. அதிகபட்சம் எத்தனை பேர், குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் பயணம் புறப்படும், ஒரு வண்டியில் எத்தனை பேர் என்று மூன்று எண்கள் வேண்டும்.

அதிகபட்ச எண்ணைப் பொறுத்துத்தான் நாளின் நேரமே நகரும். 35 பேர் உள்ள பேருந்து காலை ஆறு மணிக்கு ஒரு சாலையோரக் கடையில் நிற்கிறது, அங்கே இரண்டு கழிப்பறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் எல்லோரும் போய்வர 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். 14 பேர் என்றால் 21 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சாப்பாடு, அறைச் சாவி, சோன்பிரயாக் ஜீப் வரிசை என்று ஒரு நாளில் இப்படி ஐந்தாறு இடங்கள் வரும். மலைச் சாலையில் இருட்டும் முன் போய்ச் சேர வேண்டும் என்பதால், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் தரிசனத்திலிருந்தோ தூக்கத்திலிருந்தோதான் கழியும்.

குறைந்தபட்ச எண்ணைக் கேட்பதற்கு வேறு காரணம் உண்டு. 25 பேர் சேர்ந்தால்தான் லாபம் என்று கணக்குப் போட்டிருக்கும் நிறுவனத்தில் 17 பேர் மட்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? பயணத்தைக் கைவிடுவார்கள், தேதியைத் தள்ளுவார்கள், இல்லையென்றால் வேறு கிளையின் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். சேர்த்துவிட்டால் 17 பேர் என்று நம்பிப் போனவர் 42 பேர் நடுவே இருப்பார். "வேறு குழுவோடு இணைப்பீர்களா?" என்ற கேள்வி அதற்காகத்தான்.

வண்டியைப் பொறுத்தும் பயணம் மாறுகிறது. 12 முதல் 17 இருக்கை வரை உள்ள டெம்போ டிராவலர் மலை வளைவுகளில் எளிதாகத் திரும்பும். 26 இருக்கை மினி பேருந்து கொஞ்சம் திணறும். முப்பது பேருக்கு மேல் இருந்தால் குழுவை இரண்டு மூன்று வண்டிகளாகப் பிரிக்க வேண்டிவரும். அப்போது மேனேஜர் எந்த வண்டியில் இருப்பார் என்பது சின்ன விஷயமில்லை. இந்தி தெரியாத முதியவர்கள் இருக்கும் வண்டி ருத்ரபிரயாக் அருகே பழுதாகி நின்றால், ஓட்டுநரிடம் பேச அங்கே யாராவது இருக்க வேண்டும்.

கேதார்நாத் ஏற்றத்தில் இதன் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. காலையில் சேர்ந்து புறப்படும் குழு, ஜங்கிள் சட்டியைத் தாண்டுவதற்குள் சிதறிவிடும். வேகமாக நடப்பவர்கள் முன்னே போவார்கள். குதிரையில் ஏறியவர்கள் வேறு நேரத்தில் போய்ச் சேருவார்கள். பின்தங்குபவர்கள் தனியாகத்தான் வருவார்கள். நிறுவனத்தின் ஆட்கள் எத்தனை பேர் மேலே நடந்து வருகிறார்கள், அவர்களில் ஒருவர் கடைசி ஆளோடு வருவாரா என்று கேட்க வேண்டும். மேனேஜர் கீழே ஹோட்டலிலேயே தங்கிவிடும் ஏற்பாடுகளும் உண்டு. அது முன்பே தெரிந்தால் பயணி தன் துணைக்கு வேறு வழி செய்துகொள்ள முடியும்.

நடை: கிலோமீட்டர் மட்டும் கேட்டால் போதாது

மூன்று கேள்விகளில் உடலோடு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதான். அரைகுறைப் பதில் அதிகம் வருவதும் இதற்குத்தான். "தினமும் பெரிய நடை இல்லை, கேதார்நாத் மட்டும் கொஞ்சம் ஏறணும்" என்பது வழக்கமாக வரும் பதில். இதில் இரண்டு தவறுகள் உள்ளன.

முதல் தவறு, யமுனோத்ரியை விட்டுவிடுவது. ஜானகிசட்டியிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பல இடங்களில் செங்குத்தான படிகள், குறுகலான பாதை, எதிரே இறங்கி வரும் குதிரைகள். அன்றே திரும்பி இறங்குவதால் மொத்தம் 12 கிலோமீட்டர் ஆகிறது. பெரும்பாலான திட்டங்களில் முதலில் வரும் தலமும் இதுதான். மலைக்கு வந்து ஓரிரு நாள்கூட ஆகாத உடல் இங்கேயே களைத்துவிட்டால், கேதார்நாத் வரும்போது மிச்சம் இருப்பது குறைவு.

இரண்டாவது தவறு "கொஞ்சம்" என்ற சொல். கௌரிகுண்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,980 மீட்டர் உயரத்திலும் கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அதாவது 1,600 மீட்டர் ஏற்றம். தமிழ்நாட்டுப் பக்தர்களுக்குப் பழக்கமான அலிபிரி பாதையில் திருமலைக்கு ஏறுவது சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள், ஏறும் உயரம் 700 மீட்டர் அளவு. கேதார்நாத்தில் ஏறும் உயரம் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். அதையும் காற்று மெலிந்த இடத்தில் ஏற வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஊரிலிருந்தே மதிப்பிடலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். கேதார்நாத்துக்குப் போட்டுப் பார்த்தால் தூரத்துக்கு 3.2 மணி, உயரத்துக்கு 2.7 மணி, மொத்தம் ஆறு மணி நேரம். நல்ல உடற்கட்டு உள்ளவர் ஓய்வெடுக்காமல் நடந்தால் ஆகும் நேரம் இது. சமதளத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கும் அறுபது வயதுக்காரருக்குத் தூரத்துக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற்றத்தையும் ஓய்வையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம் என்றுதான் எண்ண வேண்டும். 2025 மார்ச்சில் சோன்பிரயாக் – கேதார்நாத் ரோப்வேக்கு ஒப்புதல் அளித்தபோது மத்திய அரசு வெளியிட்ட அறிக்கையே, இன்று ஒரு வழிக்கு 8 முதல் 9 மணி நேரம் ஆகிறது என்று குறிப்பிட்டது. 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரோப்வே வந்த பிறகு 36 நிமிடத்தில் போய்விடலாம். அதுவரை நடைதான், இல்லையென்றால் குதிரை, டோலி, கண்டி, ஹெலிகாப்டர்.

ஆகவே மின்னஞ்சலில் தூரத்தோடு ஏறும் உயரத்தையும், புறப்படும் நேரத்தையும், மேலே இரவு தங்குவது உறுதியா என்பதையும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி மிக முக்கியம். நெரிசல் மிகுந்த மே, ஜூன் மாதங்களில் மேலே அறை கிடைக்காமல், "ஒரே நாளில் போய் வந்துவிடலாம்" என்று திட்டம் சுருங்குவது உண்டு. அப்படியானால் நடை 32 கிலோமீட்டர். மூத்த குடிமக்களை அப்படி அழைத்துப் போகக் கூடாது.

> பெட்டிச் செய்தி: உயரமும் மூச்சும்
>
> பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போகும்போது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை போன்ற உயர மலை நோயின் அறிகுறிகள் தோன்றக்கூடும். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது.
>
> 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுத்துறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள குப்தகாசியில் ஓர் இரவு, அடுத்த இரவே 3,583 மீட்டரில் கேதார்நாத் என்னும் திட்டத்தில் இந்த வரம்புக்கு இடமே இல்லை.
>
> ஓய்ந்து படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறல், நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே கீழே இறக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

நடக்க முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பது இதோடு ஒட்டிய கேள்வி. குதிரைக்கும் டோலிக்கும் ஆகும் செலவு பெரும்பாலான பேக்கேஜ்களில் சேராது. அங்கே போய்க் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதோடு, குதிரை கோயில் வாசல்வரை போவதில்லை. கடைசிப் பகுதியை நடந்தே கடக்க வேண்டும். பனி பெய்திருந்தால் அந்தச் சிறு தூரமே மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரிய சோதனை.

"ஹெலிகாப்டர் ஏற்பாடு உண்டு" என்ற வாசகத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கான டிக்கெட் heliyatra.irctc.co.in தளத்தில் யாத்ரீகரின் பதிவு விவரங்களோடு விற்கப்படுகிறது. டூர் நிறுவனம் தன் கையில் டிக்கெட் வைத்திருப்பதாகச் சொன்னால், யார் பெயரில், எந்தத் தேதிக்கு என்று கேட்கலாம். டிக்கெட் இருந்தாலும் பறப்பது வானிலையின் கையில். 2025 ஜூன் 15ஆம் தேதி கௌரிகுண்ட் அருகே ஹெலிகாப்டர் விழுந்து அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். உடனே சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. ஹெலிகாப்டரை நம்பியே வந்தவர்களுக்கு அத்தகைய நாளில் மாற்று என்ன, கட்டிய கூடுதல் பணம் திரும்புமா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ரத்து: எத்தனை சதவீதம், எதில் சதவீதம்?

ரத்து விதிகளைப் பொதுவாகப் பயணிகள் ஒரே எண்ணாகப் பார்க்கிறார்கள். 50 சதவீதம் பிடித்தம் என்று இருந்தால் பாதிப் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது சரியா என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

மதுரையிலிருந்து ஒரு தம்பதி ஜூன் 10ஆம் தேதி புறப்படும் 12 நாள் சார்தாம் பயணத்துக்கு ஆளுக்கு ₹42,000 கட்டுகிறார்கள். இதில் ₹14,000 விமான டிக்கெட்டுக்கானது. விதிப்படி, புறப்படுவதற்கு 29 முதல் 21 நாளுக்குள் ரத்து செய்தால் 50 சதவீதம், 20 முதல் 8 நாளுக்குள் என்றால் 75 சதவீதம், அதற்குப் பின் முழுத் தொகையும் பிடித்தம். மே 20ஆம் தேதி கணவருக்கு இ.சி.ஜி.யில் கோளாறு தெரிகிறது. மலைப் பயணம் கூடாது என்கிறார் மருத்துவர். அன்றிரவே மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். புறப்பட இன்னும் 21 நாள் இருக்கிறது.

50 சதவீதம் மொத்தத் தொகையில் என்றால் ஆளுக்கு ₹21,000 திரும்பும். ஆனால் விதியின் கீழ்ப்பகுதியில், "விமான டிக்கெட் தொகை திருப்பித் தரப்படாது" என்று தனியாக ஒரு வரி இருந்தால் கணக்கு மாறும். டிக்கெட்டுக்கான ₹14,000 முழுவதும் போய், மீதி ₹28,000இல் பாதி மட்டும், அதாவது ₹14,000 திரும்பும். இருவருக்கும் சேர்த்து வித்தியாசம் ₹14,000. "பிடித்தம் எந்தத் தொகையில் கணக்கிடப்படும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்தது நாள் கணக்கு. இரவில் அனுப்பிய மின்னஞ்சலை மறுநாள் அலுவலகம் திறந்த பிறகு பெற்றதாக நிறுவனம் எடுத்துக்கொண்டால் 21 நாள் 20 நாளாகிவிடும். பிடித்தம் 75 சதவீதத்துக்குத் தாவும். மொத்தத் தொகையில் கணக்கிட்டாலும் திரும்புவது ஆளுக்கு ₹10,500 மட்டுமே. ஒரே இரவில் கைக்கு வரவேண்டியது பாதியாகிவிடுகிறது. அனுப்பிய நேரமா, பெற்ற நேரமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

விமானக் கட்டணத்தில் இன்னொன்றும் உண்டு. "ரீஃபண்ட் இல்லை" என்ற வகை டிக்கெட்டாக இருந்தாலும், ரத்து செய்யும்போது அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அந்தத் தொகை டூர் நிறுவனத்தின் கணக்குக்குப் போய் அங்கேயே தங்கிவிடக் கூடாது. கேட்டால்தான் பயணியிடம் வரும்.

இதுவரை சொன்னது பயணி ரத்து செய்தால். நிறுவனமே ரத்து செய்தால் என்ன என்பதைப் பல நோட்டீஸ்கள் சொல்வதே இல்லை. ஆள் சேராமல் கைவிட்டால் பிடித்தம் ஏதுமின்றி முழுப் பணமும் வங்கிக் கணக்குக்கே திரும்புமா, அல்லது "அடுத்த டூரில் கழித்துக்கொள்ளலாம்" என்று கிரெடிட் நோட்டு தருவார்களா? எத்தனை நாளில்? எழுபது வயதுக்காரருக்கு அடுத்த ஆண்டு பயணம் என்ற வாக்குறுதி பணமாகாது.

மூன்றாவது வகை இயற்கை. 2024 ஜூலை 31 இரவு பெய்த பெருமழையில் கேதார்நாத் நடைபாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்களை மீட்க வேண்டி வந்தது. 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி தராலி கிராமத்தைக் காட்டாற்று வெள்ளம் புதைத்தபோது கங்கோத்ரி சாலை துண்டிக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாளில் நான்கு தலங்களில் இரண்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். அதில் நிறுவனத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தங்காத அறைக்கும் ஓடாத வண்டிக்கும் கட்டிய பணம் என்னவாகும், வழியில் சிக்கிக் கூடுதலாகத் தங்கும் இரவுகளுக்கு யார் செலவு செய்வது என்பது கேட்டுத் தெளியக்கூடிய விஷயம். நேர்மையான நிறுவனம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும். "கூடுதல் தங்கல் உங்கள் செலவு, பயன்படுத்தாத அறைக்கு ஹோட்டல் திருப்பித் தருவதை அப்படியே தந்துவிடுவோம்" என்பதுகூட நல்ல பதில்தான். அதைத் தெரிந்துகொண்டு பயணி கையில் கூடுதல் பணம் வைத்துக்கொள்வார்.

மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும்?

நீளமான கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. கேள்விகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றும் எண்ணாலோ ஆம், இல்லை என்றோ பதில் சொல்லும்படி அமைத்தால், அலுவலக ஊழியர் ஒவ்வொன்றின் கீழும் எழுதி அனுப்பிவிடுவார். வயதையும் உடல்நிலையையும் மறைக்காமல் எழுதுவது அவசியம். தெரிந்த பிறகும் "வரலாம்" என்று எழுதினால் அந்தப் பொறுப்பில் நிறுவனத்துக்கும் பங்கு வந்துவிடுகிறது.

> மாதிரி மின்னஞ்சல்
>
> பொருள்: ஜூன் 10 சார்தாம் பயணம் – முன்பதிவுக்கு முன் விவரம் வேண்டி
>
> மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். ஜூன் 10ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்படும் தங்களின் 12 நாள் சார்தாம் பயணத்தில் இரண்டு பேர் சேர விரும்புகிறோம். எனக்கு வயது 63, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். என் மனைவிக்கு வயது 58, முழங்கால் வலி உண்டு. தினமும் சமதளத்தில் 3 கிலோமீட்டர் நடக்கிறோம். முன்பணம் அனுப்பும் முன் கீழ்க்கண்டவற்றுக்கு எண் வாரியாகப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் பயணம் உறுதி? அதை எந்தத் தேதிக்குள் தெரிவிப்பீர்கள்? வேறு குழுவோடு இணைப்பீர்களா?
>
> 2. மலைப் பகுதியில் எந்த வண்டி, எத்தனை இருக்கை? கேதார்நாத்துக்கு உங்கள் ஆட்கள் எத்தனை பேர் உடன் ஏறி வருவார்கள்?
>
> 3. ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டிய தூரம், ஏற வேண்டிய உயரம், ஆகும் நேரம் எவ்வளவு? கேதார்நாத்தில் இரவு தங்குவது உறுதியா?
>
> 4. குதிரை, டோலி, ஹெலிகாப்டர் செலவு கட்டணத்தில் சேருமா? அவை கிடைக்காவிட்டால் என்ன மாற்று? மேலே ஏறாதவர் கீழே தங்க அறை உண்டா?
>
> 5. நாங்கள் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு எவ்வளவு பிடித்தம்? அது மொத்தத் தொகையிலா, விமானக் கட்டணம் நீங்கலாகவா? மின்னஞ்சல் அனுப்பிய நாள் கணக்கா? ஒருவர் மட்டும் ரத்து செய்தால் மற்றவருக்கு அறைக் கட்டணம் கூடுமா? எங்களுக்குப் பதில் வேறொருவர் வரலாமா?
>
> 6. நீங்கள் ரத்து செய்தாலோ, தேதியை மாற்றினாலோ, சாலை மூடப்பட்டாலோ பணம் எப்படி, எத்தனை நாளில் திரும்பும்?
>
> முழு விதிமுறைகளையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் இணைத்து அனுப்பவும். இந்த மின்னஞ்சலுக்கு வரும் பதிலின் அடிப்படையில்தான் முன்பதிவு செய்கிறோம்.
>
> நன்றி.

இதன் கடைசி வாக்கியம் மரியாதைக்காக எழுதியதல்ல. பின்னால் தகராறு வந்தால், இந்தப் பதிலை நம்பித்தான் பணம் கட்டினார் என்பதற்கு அதுவே சாட்சி.

வரும் பதிலைப் படிக்கும் முறை

மூன்று விதமாகப் பதில் வரலாம். எண்களோடு வந்தால் அதை நோட்டீஸோடு ஒப்பிட வேண்டும். நோட்டீஸில் 20 பேர் என்றும் மின்னஞ்சலில் 35 பேர் என்றும் இருந்தால் எது சரி என்று மறுபடி கேட்பதில் தவறில்லை. கேதார்நாத் தூரம் "8 கிலோமீட்டர்" என்று வந்தால், எழுதியவருக்குப் பாதை தெரியாது அல்லது தெரிந்தே குறைத்திருக்கிறார். இரண்டுமே எச்சரிக்கை.

சொற்களில் மட்டும் வரும் பதில் இரண்டாம் வகை. "கவலைப்படாதீங்க, உங்கள மாதிரி நிறைய பேர் வந்திருக்காங்க" என்பது ஆறுதல் வார்த்தை. அதில் குழுவின் எண்ணிக்கையும் இல்லை, தூரமும் இல்லை. ஒருமுறை பணிவாகத் திரும்பக் கேட்கலாம். இரண்டாம் முறையும் எண் வராவிட்டால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவதாக, மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் தொலைபேசி அழைப்பு வரும். இதுதான் அதிகம் நடக்கிறது. அழைப்பவர் எல்லாவற்றுக்கும் அன்பாகவே விளக்கம் சொல்வார். பேசி முடித்த கையோடு, "இன்று காலை தொலைபேசியில் நீங்கள் சொன்னபடி குழுவில் அதிகபட்சம் 28 பேர், கேதார்நாத்தில் ஓர் இரவு தங்கல் உறுதி, 21 நாளுக்கு முன் ரத்து செய்தால் மொத்தத் தொகையில் 50 சதவீதம் திரும்பும். இதில் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று நாலு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும். மறுப்பு வராவிட்டால் பயணி தரப்பில் தேதியோடு ஒரு பதிவு இருக்கும். "சரி" என்று ஒரு சொல் பதில் வந்தால் இன்னும் உறுதி. வாட்ஸ்ஆப் உரையாடலும் ஆதாரமாகும்தான். ஆனால் செய்திகளை அழித்துவிட முடியும் என்பதாலும், கைப்பேசி மாறும்போது தொலைந்துபோகும் என்பதாலும் மின்னஞ்சலே மேல்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

"எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது" என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் பெரிய அபராதத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதில் குறித்த தொகை உச்ச வரம்பு மட்டுமே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்றே வரையறுக்கிறது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் விலகிக்கொள்ள இடம் தரும் விதியும் அந்த வரையறைக்குள் வரும்.

இதற்கு எல்லையும் உண்டு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்தால், நிறுவனம் ஹோட்டலுக்கும் வண்டிக்கும் கட்டிய பணம் உண்மையிலேயே போயிருக்கும். அந்த இழப்பை அது பிடித்துக்கொள்வது நியாயமே. விதிகளைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகு முழுப் பணத்தையும் எதிர்பார்ப்பவருக்கு வழக்கில் வலு குறைவு. வலு சேர்ப்பது முன்கூட்டியே வாங்கி வைத்த எழுத்துப்பூர்வமான பதில். குழு 20 பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 42 பேரோடு அழைத்துப் போனால், இரவுத் தங்கல் உறுதி என்று எழுதிவிட்டு ஒரே நாளில் ஏறி இறங்க வைத்தால், அது சேவைக் குறைபாடு. அதை நிரூபிக்க ஒரே ஒரு தாள் போதும்.

தகராறு வந்தால் முதலில் நிறுவனத்துக்கே புகாரை எழுதி அனுப்பி, பதிலுக்கு இரண்டு வாரம் தரலாம். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், பயணி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அடுத்த பருவத்துக்கான நோட்டீஸ் கையில் உள்ளவர்கள் முன்பணம் அனுப்பும் முன் அந்த ஆறு கேள்விகளையும் அனுப்பிவிடுங்கள். எண்களோடு பதில் வரும்வரை வங்கிச் செயலியைத் திறக்க வேண்டாம்.